நாய்க்குக் கால் உண்டு, காருக்கு?

ஒரு சீமாட்டி தன் நாயை நடத்திக்கொண்டு போகிறாள். அவள் முகம் படத்தில் இல்லை. கறுப்புப் பாவாடையின் விளிம்பும், அதற்குக் கீழே வேகவேகமாக எடுத்து வைக்கும் பாதங்களும் மட்டும்தான் தெரிகின்றன. நாய் டாஷ்ஹண்ட் இனம். நீண்ட உடல், குட்டைக் கால். அந்தக் கால்களை எண்ணப் பார்த்தால் எண்ணி முடியாது. நான்கு கால் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு விசிறிகள் விரிந்திருக்கின்றன. வால் ஒன்றல்ல, ஒரு கொத்து. கழுத்துச் சங்கிலி ஒரே நேரத்தில் பல இடங்களில் ஆடுகிறது.

இத்தாலிய ஓவியர் ஜியாகோமோ பாலா 1912-இல் வரைந்த ‘கயிற்றில் கட்டிய நாயின் இயக்கம்’ என்ற படம் இது. இன்று அமெரிக்காவின் பஃபலோ நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கலை வரலாற்றுப் புத்தகங்களில் ஃபியூச்சரிசம் என்ற தலைப்பு வந்தாலே பெரும்பாலும் இந்தப் படமும் கூடவே வந்துவிடும். அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ரேஸ் காரையும் ரயிலையும் விமானத்தையும் தொழிற்சாலையையும் கொண்டாடப் பிறந்த இயக்கம் அது. அதன் அடையாளமாகிப்போனது ஒரு செல்ல நாயின் சாயங்கால நடை.

எதிர்காலவாதம் என்று தமிழில் சொல்லப்படும் இந்த இயக்கத்தைத் தொடங்கியவர் ஃபிலிப்போ தொம்மாசோ மரினெட்டி. எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் பிறந்த பணக்காரக் கவிஞர். 1908 அக்டோபரில் மிலான் நகரின் ஓரத்தில் தன் காரை ஓட்டிப்போனவர், எதிரே வந்த இரண்டு சைக்கிள்காரர்கள்மேல் மோதாமல் இருக்க வண்டியைத் திருப்பி, காரோடு பள்ளத்தில் விழுந்தார். பெரிய காயமில்லை. வேறு யாராவதாக இருந்தால் வீட்டுக்குப் போய் மருந்து தடவிக்கொண்டு இருந்திருப்பார். மரினெட்டி அந்தச் சேற்றுக் குளியலையே ஒரு மறுபிறப்பாக்கி, இயக்கத்தின் பிரகடனத்துக்கு முன்கதையாக எழுதினார். 1909 பிப்ரவரி 20 அன்று பாரிஸின் ‘லெ ஃபிகாரோ’ நாளிதழ் அதை முதல் பக்கத்தில் வெளியிட்டது.

பிரகடனத்தில் பதினொரு அம்சங்கள். உலகத்துக்குப் புதிய அழகு ஒன்று சேர்ந்திருக்கிறது, அது வேகம் என்றது ஒன்று. உறுமிக்கொண்டு ஓடும் ரேஸ் கார், லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் கிரேக்க வெற்றித் தேவதையின் சிலையைவிட அழகு என்றது. அருங்காட்சியகங்களையும் நூலகங்களையும் அழிக்கவேண்டும் என்றது. போரை உலகைச் சுத்தப்படுத்தும் வழியாகப் புகழ்ந்து, பெண்களை இழிவாகப் பேசியது. இந்த வார்த்தைகளை இளமைத் துடுக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. மரினெட்டி பின்னாளில் முசோலினியின் பக்கம் போய் நின்றார். வேகத்தின்மேல் இருந்த மோகமும் வன்முறையின்மேல் இருந்த மோகமும் அவரிடம் முதல் பக்கத்திலிருந்தே ஒட்டிக்கொண்டு வந்தவை.

கவிஞருக்கு வேகத்தைப் பற்றிப் பேசுவது சுலபம். ஓவியர் என்ன செய்வார்? துணியில் ஒட்டிய வண்ணம் காய்ந்தபின் அசையாது.

1910-இல் பாலா, பொச்சியோனி, கர்ரா, ருஸ்ஸோலோ, செவரினி என்ற ஐந்து ஓவியர்கள் தங்களுக்கென்று ஒரு தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டார்கள். கண்ணில் ஒரு பிம்பம் விழுந்தால் அது உடனே மறைவதில்லை, அடுத்த பிம்பத்தோடு கலக்கிறது. ஆகவே ஓடும் குதிரைக்கு நான்கு கால் அல்ல, இருபது கால் என்பது அவர்கள் வாதம். எழுத்தில் கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அதே ஆண்டில் பொச்சியோனி தொடங்கிய ‘நகரம் எழுகிறது’ என்ற மூன்று மீட்டர் அகலப் படத்தில் குதிரைகள் தீப்பிழம்புபோலச் சிவந்து பாய்கின்றனவே தவிர, யாரும் எண்ணும்படியாக இருபது கால் கிடையாது. அறிக்கையில் சொன்னதை எழுத்துக்கு எழுத்து செய்து பார்க்க இரண்டு ஆண்டுகள் ஆயின. செய்தவர் ஐவரில் மூத்தவரான பாலா. அப்போது அவருக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. பொச்சியோனிக்கும் செவரினிக்கும் ரோமில் ஓவியம் கற்றுக்கொடுத்தவரும் அவரே. மாணவர்கள் சேர்ந்த இயக்கத்தில் ஆசிரியரும் சேர்ந்தார் என்று சொல்லலாம்.

பாலாவின் வழி எங்கிருந்து வந்தது என்று பார்க்க ஒரு பிரெஞ்சு உடலியல் விஞ்ஞானியிடம் போகவேண்டும். எத்தியென் ஜூல் மாரே. இதயத் துடிப்பு, பறவையின் சிறகடிப்பு, மனித நடை எல்லாவற்றையும் அளக்க ஆசைப்பட்டவர். 1882-இல் துப்பாக்கி வடிவத்தில் ஒரு கேமரா செய்தார். விசையை அழுத்தினால் ஒரு நொடியில் பன்னிரண்டு படம். அதே ஆண்டு இன்னொரு முறையையும் தொடங்கினார். கறுப்புப் பின்னணிக்கு முன்னால் வெள்ளை உடை அணிந்த மனிதரை நடக்கவிடுவார். கேமராவுக்கு முன் துளைகள் வெட்டிய வட்டத் தகடு சுழலும். துளை வந்து போகும் ஒவ்வொரு தடவையும் ஒரு கணம் மட்டும் ஒளி உள்ளே விழும். கண்ணாடித் தட்டு மாறாது. ஒரே தட்டில் பத்துப் பதினைந்து மனிதர்கள் ஒருவர்பின் ஒருவராக நிற்பதுபோல் பதிவாகும். எல்லாரும் ஒருவரே.

இந்த முறையில் உள்ளேயே ஒரு சிக்கல் இருந்தது. இயக்கத்தைத் துல்லியமாகப் பிடிக்க அதிகப் படம் எடுக்கவேண்டும். அதிகப் படம் எடுத்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வெறும் வெள்ளைக் குழப்பம் மிஞ்சும். மாரே அதற்கொரு வழி கண்டுபிடித்தார். மனிதருக்குத் தலைமுதல் கால்வரை கறுப்பு உடை மாட்டி, கை கால் நெடுக வெள்ளைப் பட்டையும் மூட்டுகளில் பளபளக்கும் பொத்தானும் வைத்தார். இப்போது தட்டில் மனிதர் காணாமல் போனார். அவர் நடை மட்டும் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் நின்றது. பார்ப்பதற்கு நவீன ஓவியம் போலவே இருக்கும். ஆனால் மாரேவுக்கு ஓவியத்தில் அக்கறை இல்லை, தசையும் மூட்டும் எப்படி வேலை செய்கின்றன என்பதில்தான் அக்கறை.

பாலா அந்தப் படங்களை அறிந்தவர். 1912-இல் அவர் வரைந்த மூன்று படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் மாரேயின் சிக்கலையே ஓவியரும் சந்தித்திருப்பது புரியும். நாய்ப் படத்தில் அவர் எல்லாவற்றையும் பெருக்கவில்லை. நாயின் முதுகும் வயிறும் ஏறக்குறைய உறுதியான ஒரே வடிவம். ஆடும் உறுப்புகளான கால், வால், காது, சங்கிலி ஆகியவை மட்டும் பல. உடலையும் பெருக்கியிருந்தால் கறுப்புக் கறைதான் வந்திருக்கும். அடுத்ததாகத் தரையைக் கவனிக்கவேண்டும். சாய்வான மெல்லிய கோடுகளாகவே தரை முழுவதும் இழுக்கப்பட்டிருக்கிறது. நாய் நடக்கிறது என்றால் தரை பின்னால் நழுவவேண்டும் அல்லவா?

அப்படியும் அந்த நாய் முன்னேறிப் போவதாகத் தோன்றுவதில்லை. நின்ற இடத்திலேயே துறுதுறுவென்று துடிக்கிறது. காரணம் எளியது. கால்களெல்லாம் ஒரே உடலின்கீழ் விரிகின்றன, உடலோ நகரவில்லை. பெருக்கல் முறையின் குறை இதில் பளிச்சென்று தெரியும். இயக்கத்தைக் காட்டும், பயணத்தைக் காட்டாது. இதில் கொஞ்சம் சிரிப்பும் கலந்துவிடுகிறது. அதுவும் தற்செயல் அல்ல. ஜெர்மன் கேலிச்சித்திரக்காரர் வில்ஹெல்ம் புஷ், 1860-களிலேயே ஒரு பியானோ வித்வானுக்குப் பல கைகளும் பல கண்களும் போட்டு வாசகர்களைச் சிரிக்கவைத்தவர். ஃபியூச்சரிஸ்டுகளின் மகா கண்டுபிடிப்பு நகைச்சுவைப் பக்கத்தில் ஏற்கெனவே வந்துபோன ஒன்று.

அதே ஆண்டின் ‘வயலின் கலைஞரின் கை’ இந்தக் குறையையே பலமாக்கிக்கொண்டது. வயலின் வாசிப்பவரின் கை எங்கும் பயணம் போவதில்லை. அதே தந்திமேல் ஏறி இறங்கி அதிர்கிறது. துடிப்பை மட்டுமே காட்டத் தெரிந்த முறைக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைக்காது.

மூன்றாவது, ‘பால்கனியில் ஓடும் சிறுமி’. ஓடுவது பாலாவின் மகள் லூச்சே. அந்தப் பெயருக்கு ஒளி என்று பொருள். 1914-இல் பிறந்த இன்னொரு மகளுக்கு எலிகா, அதாவது விமானத்தின் சுழலி, என்று பெயர் வைத்தவர் அவர். ஒளியில் தொடங்கி இயந்திரத்துக்கு வந்து சேர்ந்த கதை பிள்ளைகளின் பெயரிலேயே இருக்கிறது. படத்தில் சிறுமி நீலமும் பச்சையுமான சின்னச் சின்ன வண்ணத் திட்டுகளாக உதிர்ந்து, முகமும் பூட்ஸுமாகத் திரும்பத் திரும்ப வந்து, படத்தின் குறுக்கே போகிறாள். அவளுக்கும் நமக்கும் நடுவில் பால்கனியின் கம்பிகள் செங்குத்தாக நிற்கின்றன. இந்தக் கம்பிகள்தான் படத்தின் சூட்சுமம். ரயில் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து ரயில் நகர்கிறதா, நாம் நகர்கிறோமா என்று குழம்பினால், நாம் நடைமேடைத் தூணைப் பார்த்துத்தான் தெளிவோம். நிற்பது ஒன்று இருந்தால்தான் ஓடுவது ஓடும். நாய்க்குக் கிடைக்காத அந்தத் தூண் சிறுமிக்குக் கிடைத்தது. அவள் உண்மையாகவே போகிறாள்.

பாலாவின் இந்த வழியைப் பொச்சியோனி ஒப்புக்கொள்ளவில்லை. ஓடும் குதிரையைத் துண்டு துண்டாக வெட்டி அடுக்கினால் கிடைப்பது குதிரையின் பிரேதங்கள்தான், ஓட்டம் அல்ல என்பது அவர் கருத்தின் சாரம். அன்று ஐரோப்பாவில் பெரும் புகழோடு இருந்த பிரெஞ்சுத் தத்துவவாதி பெர்க்சனின் எண்ணம் இதற்குப் பின்னால் இருந்தது. அசைவு என்பது நிற்கும் கணங்களைக் கோத்த மாலை அல்ல, பிரிக்க முடியாத ஒரே ஓட்டம். சினிமா ஃபிலிம் அதை வெட்டிப் பொய்யாக்குகிறது என்று அவர் எழுதியிருந்தார்.

சண்டை ஒரு புகைப்படக்காரர்மேல் வெடித்தது. அன்டோன் ஜூலியோ பிரகாலியா என்ற இளைஞர், கேமராவின் கதவை நீண்ட நேரம் திறந்துவைத்து, தலையைத் திருப்பும் மனிதரையும் தட்டச்சு செய்யும் விரல்களையும் புகைபோன்ற இழைகளாகப் படம்பிடித்து, அதற்கு ‘ஃபோட்டோடைனமிசம்’ என்று பெயர் வைத்தார். வெட்டாத ஓட்டத்தைத்தான் அவரும் காட்ட நினைத்தார். மாரே இயக்கத்தைத் துண்டாக்கிவிட்டார் என்ற குறை அவருக்கும் உண்டு. கொள்கையில் பொச்சியோனிக்கு நெருங்கிய ஆள் அவர். ஆனாலும் 1913 அக்டோபரில் ஃபியூச்சரிஸ்ட் ஓவியர்கள், பிரகாலியாவின் புகைப்படங்களுக்கும் தங்கள் ஓவியத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று ஃப்ளோரன்ஸின் ‘லாச்செர்பா’ பத்திரிகையில் அறிவித்தார்கள். இயந்திரத்தைத் துதித்தவர்கள், ஒரு இயந்திரம் தங்கள் தொழிலுக்குள் வந்தவுடன் கதவைச் சாத்தினார்கள். கேமராவைப் பார்த்து நகலெடுக்கிறார்கள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்ற பயம் அதில் இருந்திருக்கவேண்டும்.

பொச்சியோனி தேடியது ‘விசைக் கோடுகள்’. ஒரு பொருள் எந்தப் பக்கம் போகத் துடிக்கிறது, சுற்றியிருக்கும் காற்றும் வெளியும் அதனோடு எப்படி இழுபடுகின்றன என்பதைக் கோடாகவும் தளமாகவும் சொல்வது. 1911-இல் அவர் வரைந்த ‘மனநிலைகள்’ மூன்று படத் தொகுதி. ரயில் நிலையத்தில் விடைபெறுவோர், போகிறவர்கள், தங்கிவிட்டவர்கள். விடைபெறும் படத்தில் தழுவிக்கொள்ளும் உருவங்கள் அலையாகச் சுழல, நடுவே எஞ்சினின் எண் 6943 மட்டும் அச்செழுத்துபோல் தெளிவாக நிற்கிறது. போகிறவர்கள் படத்தில் கோடுகள் எல்லாம் சாய்ந்து கிழித்துக்கொண்டு பறக்கின்றன. தங்கிவிட்டவர்கள் படத்தில் மழைபோலச் செங்குத்துக் கோடுகள் இறங்க, அவற்றினூடே மனிதர்கள் குனிந்தபடி போகிறார்கள். காலைப் பெருக்காமல், கோட்டின் திசையை மாற்றியே வேகத்தையும் தளர்ச்சியையும் பிரித்துக் காட்டிய படங்கள் இவை.

பிறகு அவர் சிற்பத்துக்குப் போனார். 1913-இல் செய்த ‘வெளியில் தொடர்ச்சியின் தனித்த வடிவங்கள்’ என்ற சிலையில் ஒருவன் எட்டி நடக்கிறான். கைகள் இல்லை. தொடையிலிருந்தும் கெண்டைக்காலிலிருந்தும் தசை பின்னோக்கி வழிந்து, எதிர்க்காற்றில் உருகியதுபோல் நிற்கிறது. முந்தைய கணத்தின் கால் தனியாக இன்னொரு காலாக இல்லாமல், இந்தக் காலிலேயே வடிவமாக ஒட்டியிருக்கிறது. பொச்சியோனி அதைப் பிளாஸ்டரில் மட்டுமே செய்தார். வெண்கல வார்ப்பு அவர் இறந்தபின் வந்தது. இன்று இத்தாலியின் 20 சென்ட் யூரோ நாணயத்தில் இருப்பது இந்த நடைதான். போரைப் புகழ்ந்த இயக்கத்தின் ஆளாக அவர் முதல் உலகப்போரில் தன்விருப்பமாகச் சேர்ந்து, 1916 ஆகஸ்டில் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். வயது 33.

இத்தனைக்கும் நடுவே ஒரு பெரிய கேள்வி அப்படியே இருந்தது. கார் எங்கே?

நாய்க்குக் கால் உண்டு, சிறுமிக்குக் கால் உண்டு, வயலினுக்குக் கை உண்டு. நடக்கும் உயிர் ஒவ்வொரு கணமும் உருமாறுகிறது. அதனால்தான் கணங்களை அடுக்கும்போது இயக்கம் தெரிகிறது. கார் அப்படி இல்லை. அதன் கூடு இரும்பு; பத்து மீட்டர் தள்ளிப்போனாலும் அதே வடிவம். மாரேயின் முறையில் காரைப் பிடித்தால் பெட்டிமேல் பெட்டி ஏறி ஒரு நீளப் பெட்டி கிடைக்கும், அவ்வளவுதான். சக்கரம் சுழல்கிறது என்றாலும் வட்டம் எப்படிச் சுற்றினாலும் வட்டமே. பிரகடனத்தில் சிலைகளையெல்லாம் தோற்கடித்த பொருள், ஓவியருக்குப் பிடி கொடுக்காத பொருளாக இருந்தது.

கேமராவுக்கு மட்டும் ஒரு குறுக்குவழி கிடைத்தது, அதுவும் தவறுதலாக. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் பிரான்ஸில் ஷாக் ஹென்றி லார்டிக் என்ற பணக்கார வீட்டுப் பையன் ஒரு ரேஸ் காரைப் படமெடுத்தான். அவன் கேமராவில் ஒளியை விடும் பிளவு ஃபிலிம் தட்டின்மேல் நகர்ந்துபோகச் சிறிது நேரம் எடுக்கும். சக்கரத்தின் ஒரு பகுதி பதிவாகி மறுபகுதி பதிவாவதற்குள் கார் முன்னே போய்விட்டது. படத்தில் சக்கரம் முன்பக்கம் சாய்ந்த நீள்வட்டமானது. கேமராவைக் காரோடு சேர்த்துத் திருப்பியதால் வேடிக்கை பார்த்தவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள். கெட்டுப்போன படம் என்று அவன் அதை ஒதுக்கிவைத்தான். பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் அது உலகப் புகழ் பெற்றது. ஃபியூச்சரிஸ்டுகள் அதைப் பார்த்திருந்தால் கொண்டாடியிருப்பார்களோ, மறுப்பு அறிவிப்பு விட்டிருப்பார்களோ!

ருஸ்ஸோலோ வேறு வழியில் போனார். அவருடைய ‘மோட்டார் காரின் இயக்கம்’ படத்தில் கார் சிறியது. அதற்கு முன்னால் சிவப்பும் ஆரஞ்சுமாகப் பெரிய ஆப்பு வடிவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, காற்றைப் பிளக்கின்றன. திசை சந்தேகமில்லாமல் தெரிகிறது. ஆனால் இந்த ஆப்பு காருக்குச் சொந்தமானதல்ல. படகு நீரைப் பிளக்கும்போது முகப்பில் எழும் அலை அப்படி இருக்கும். ஒலியை முந்திப் பாயும் துப்பாக்கிக் குண்டின் முன் அமுங்கும் காற்றும் அப்படித்தான் இருக்கும். ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1880-களிலேயே அதைப் புகைப்படமாக எடுத்துக் காட்டியிருந்தார். ஒலியின் வேகம் மணிக்கு 1,200 கிலோமீட்டருக்கு மேல். மணிக்கு நூறு கிலோமீட்டரை ஒரு கார் முதன்முதலில் தாண்டியதே 1899-இல்தான். ருஸ்ஸோலோவின் கார் குண்டின் உடையை இரவல் வாங்கி அணிந்திருந்தது.

பாலாவும் 1913-இல் காரைத் துரத்தத் தொடங்கினார். அதற்கு அவருக்கு உதவியவை பறவைகள். அந்த ஆண்டு அவர் வீட்டுக்கு வெளியே பறந்த உழவாரக் குருவிகளை வரைந்தார். முதலில் நாயின் காலைப்போலச் சிறகைத்தான் பெருக்கினார். ஆனால் குருவி நிற்காதே. அதனால் சிறகுகளின் வளைவுக்கு மேலாக, அது போன பாதையை நீண்ட வெள்ளை அலைக்கோடுகளாக இழுத்தார். கோடு குருவியின் உடலில் எந்தப் பகுதியும் அல்ல. அது போய்விட்ட வழி மட்டுமே. மாரே நடப்பவருக்குக் கறுப்புடை மாட்டி ஆளை மறைத்து நடையை மட்டும் மிச்சம் வைத்தாரே, அதேபோன்ற ஒரு வேலை.

இந்தத் திறவுகோலோடு காருக்கு வந்தபோது பாலா அதன் கூட்டைப் பற்றிய கவலையை விட்டுவிட்டார். ஆரம்பப் படங்களில் சக்கரமும் ஓட்டுநரின் சாயலும் இன்னும் தட்டுப்படும். போகப் போக அவை கரைந்து, சக்கரத்தின் சுழிகளும் காற்றைக் குத்தும் முக்கோணங்களும் மட்டும் மிஞ்சின. ‘அருவ வேகம் + ஒலி’ என்ற படத்தில் எஞ்சின் சத்தத்துக்கென்று குறுக்கும் நெடுக்குமான கோடுகளைச் சேர்த்தார். வண்ணத்தை ஓவியத்தோடு நிறுத்தாமல் சட்டத்தின்மேலும் இழுத்துவிட்டார். கார் சட்டத்துக்குள் அடங்குமா என்ன?

இந்தப் படம் மூன்று படத் தொகுதி ஒன்றின் நடுப்பகுதியாக இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் எண்ணம். முதல் படத்தில் கார் வருகிறது. நடுப்படத்தில் அதன் ஓசை காற்றை நிறைக்கிறது. மூன்றாவது இப்போது லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘அருவ வேகம் – கார் போய்விட்டது’. அதில் பச்சை நிலம், நீல வானம், இன்னும் அடங்காமல் வளைந்து புரளும் காற்று. காரைக் காணோம். அங்கங்கே வெளிறிய இளஞ்சிவப்பு, அது விட்டுப்போன புகை.